குழந்தை பிறந்த அறிவிப்பு கார்டுக்கு எந்தப் படம்? நான்கில் ஒன்று தேர்ந்தெடுக்க உதவுங்கள்

கெடிலக்கரை மாமன்

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. தாயும் சேயும் இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அக்கா வீட்டுக்காரருக்குப் புதுச்சேரி லாஸ்பேட்டை. சொந்தபந்தங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி முடிக்காமல், நல்ல கார்டாக அடித்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தாய்மாமன் என்பதால் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

கார்டு 5க்கு 7 அங்குலம். அதில் படத்துக்கு 4க்கு 5 அங்குலம் இடம், கீழே பெயர், பிறந்த தேதி, நேரம். வீட்டில் எல்லோரும் எடுத்ததில் நான்கு படங்கள் தேறின.

முதல் படம், இரவில் தூளியில் தூங்கும்போது அக்கா எடுத்தது. வாய் கோணாமல் அழகாகச் சிரிக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் இதுதான் பிடித்திருக்கிறது.

இரண்டாவது, காலையில் ஜன்னல் ஓரம் பாயில் படுத்திருக்கும்போது மாமா எடுத்தது. கண்ணை முழுசாகத் திறந்து நேராகப் பார்க்கிறாள். சிரிப்பு இல்லை, நெற்றியில் லேசான சுருக்கம். பின்னால் கொசுவலைக் குடையின் விளிம்பு, ஒரு நீல பிளாஸ்டிக் பேசின், பவுடர் டப்பா எல்லாம் ஆஜர்.

மூன்றாவது, சித்தப்பா மகன் பெரிய கேமராவில் 50 எம்எம் லென்ஸ் போட்டு எடுத்தது. பின்னணி முழுக்கக் கரைந்து சுத்தமாக இருக்கிறது.

நான்காவது, பாட்டி மடியில், போனில் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசிப்பது போல இருக்கிறாள்.

நான்கையும் இணைத்திருக்கிறேன். எது?

நெல்லிக்குப்பம் செல்வி

இதில் கேட்க என்ன இருக்கிறது தம்பி, முதல் படம்தான். தூக்கத்தில் நரி விரட்டுது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், அந்தச் சிரிப்பு நினைத்தால் கிடைக்காது. விழித்திருக்கும்போது ஆளைப் பார்த்துச் சிரிப்பதற்கு இன்னும் சில வாரம் போக வேண்டும். அதுவரை கார்டு காத்திருக்குமா? கிடைத்த சிரிப்பை விடாதீர்கள்.

ஃபோகஸ் பாண்டி

மூன்றாவது படம். பெரிய கேமரா பெரிய கேமராதான். போன் சென்சார் விரல் நகம் அளவுகூட இருக்காது, அதை வைத்து பிரிண்ட் போடவே கூடாது. பின்னணி கரைந்திருப்பதைப் பாருங்கள், கார்டுக்கு அதுதான் லட்சணம். முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் ஏதாவது ஒரு ஆப்பில் ஷார்ப்னெஸ் ஏற்றிக்கொள்ளுங்கள், முடிந்தது.

வில்லியனூர் குமார்

குழந்தை பாஸ்போர்ட்டுக்கு இதில் எதுவுமே ஆகாது. நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நாமே போட்டோ கொண்டுபோக வேண்டும், 3.5க்கு 4.5 செ.மீ., பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். மடியில் வைத்து எடுத்தால் உங்கள் கை தெரியக் கூடாது. வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் படுக்க வைத்து எடுங்கள். நாங்கள் அப்படித்தான் எடுத்தோம்.

கெடிலக்கரை மாமன்

குமார் அண்ணே, பாஸ்போர்ட் இல்லை, அறிவிப்பு கார்டு. வேட்டி யோசனைக்கு நன்றி.

பழைய டார்க்ரூம்

படத்தை முழுசாகப் பார்த்துத்தான் எல்லோரும் தீர்ப்பு சொல்கிறோம். போன் திரையில் முழுப் படமாகப் பார்த்தால் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். மங்கல் தெரியாத அளவுக்குப் படம் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு படத்திலும் கண்ணை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் மூடியிருந்தால் இமை முடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்திருந்தால் கருவிழியின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கிறதா, உள்ளே ஜன்னல் வெளிச்சம் ஒரு சின்னக் கட்டமாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் கேலரியில் ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் திறந்து, எத்தனை பிக்சல், ஷட்டர் எவ்வளவு என்று எழுதுங்கள். நீங்கள் இங்கே போட்டிருக்கும் இரண்டாவது படம் மட்டும் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, அது எப்படி வந்தது?

கெடிலக்கரை மாமன்

பார்த்தேன் சார்.

முதல் படம் 3000க்கு 4000, ஷட்டர் 1/25, ISO 1250. பெரிதாக்கினால் இமை முடி இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஆனால் அவள் மேல் போர்த்திய துணியின் ஓரத்து எம்பிராய்டரி ஒவ்வொரு தையலும் தெரிகிறது.

இரண்டாவது 1200க்கு 1600. மாமா எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. கண் பரவாயில்லை, ஆனால் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் கலங்கலாக இருக்கிறது.

மூன்றாவது 24 மெகாபிக்சல், f/1.8, 1/160. கண்ணைப் பெரிதாக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறது. காது மடல் மட்டும் சூப்பராக இருக்கிறது, அதில் உள்ள பூனை முடிகூடத் தெரிகிறது.

நான்காவது 3000க்கு 4000, 1/50. கண் ஓரளவு சரி.

பழைய டார்க்ரூம்

நல்லது, இப்போது பேசலாம். நான் சுமார் முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். பிலிம் காலத்தில் கண்ணாடி வைத்து நெகட்டிவில் தேடியதை இப்போது விரலால் விரித்துத் தேடுகிறோம், அவ்வளவுதான்.

முதல் படத்தில் துணி அசையவில்லை, கேமராவும் அசையவில்லை. அசைந்திருந்தால் தையலும் இரண்டாகத் தெரிந்திருக்கும். அசைந்தது குழந்தை மட்டும். இரவில் டியூப் லைட் வெளிச்சம் போதாமல் போன் ஷட்டரை 1/25க்கு இறக்கிவிட்டது. சிரிக்கும்போது தலை லேசாகத் திரும்பும், அந்த நேரத்துக்குள் இமை ஒரு நூல் நகர்ந்துவிட்டது. இந்த வகை மங்கலுக்கு ஒரு திசை இருக்கும். எல்லா இமை முடியும் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும், பாருங்கள்.

மூன்றாவது வேறு விதம். அங்கே எதுவும் அசையவில்லை, ஃபோகஸ் இடம் மாறிவிட்டது. 50 எம்எம் லென்ஸை f/1.8ல் திறந்து வைத்து இரண்டடி தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். பச்சைக் குழந்தையின் முகத்திலும் கண்ணுக்கும் காதுக்கும் அதைவிட அதிக தூரம். ஃபோகஸ் காதில் விழுந்தால் கண் போயிற்று. அதே படத்தை f/4ல் எடுத்திருந்தால் அந்த ஆழம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கிடைத்திருக்கும். பின்னணி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கும், கண் பிழைத்திருக்கும்.

நான்காவதில் இடது கையைப் பெரிதாக்குங்கள். கன்னத்தில் வைத்திருக்கும் விரல்களில் சுண்டுவிரல் நுனி இருக்கிறதா?

கெடிலக்கரை மாமன்

சார்! நுனி பாட்டி புடவையோடு சேர்ந்து கரைந்துபோயிருக்கிறது. உச்சந்தலை முடியும் திடீரென்று நின்றுவிட்டது, மொட்டையடித்த மாதிரி ஒரு கோடு. இவ்வளவு நாள் பார்த்தும் வீட்டில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை.

பழைய டார்க்ரூம்

போர்ட்ரெய்ட் மோடில் பின்னணியைக் கரைப்பது லென்ஸ் இல்லை. எது குழந்தை, எது பின்னணி என்று போன் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கோட்டுக்கு வெளியே இருப்பதை மங்கலாக்குகிறது. பூனை முடி, விரல் நுனி, காதின் ஓரம், இந்த மூன்று இடத்திலும் கோடு தப்பும். சில போன்களில் அந்த மங்கலை கேலரியிலேயே எடிட்டில் போய்க் குறைக்கலாம் அல்லது எடுத்துவிடலாம், முயன்று பாருங்கள்.

ஃபோகஸ் பாண்டி

சார் சொல்வது சரி, ஆனால் மூன்றாவது படத்தை ஒரேயடியாகத் தள்ள வேண்டாமே. 24 மெகாபிக்சல் இருக்கிறது. ஷார்ப்னெஸ் ஏற்றினால் கண் வராதா?

பழைய டார்க்ரூம்

பாண்டி தம்பி, பின்னணியைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம்தான். நான்கில் அந்தப் படம்தான் பின்னணியில் சுத்தம். ஆனால் மெகாபிக்சல் அதிகம் என்றால் மங்கலும் அதிக பிக்சலில் பதிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஷார்ப்னெஸ் புதிதாக எதையும் கொண்டுவராது. ஏற்கெனவே இருக்கும் ஓரத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் கறுப்பு, அந்தப் பக்கம் கொஞ்சம் வெளுப்பு சேர்க்கும். லேசாக மந்தமான படத்துக்கு அது உதவும். இங்கே கண்ணில் ஓரமே பதியவில்லை, அதனால் தோலில் உள்ள புள்ளிகள்தான் எடுப்பாகும். பச்சைக் குழந்தைக்கு ஏற்கெனவே தோல் உரிந்திருக்கும், அது இன்னும் சொரசொரப்பாகிவிடும். செய்து பாருங்கள், காது இன்னும் கூர்மையாகி முகத்தை விட்டு வெளியே வந்து நிற்கும்.

முத்தியால்பேட்டை ரோஸ்

வேறு ஒரு கோணம் சொல்லட்டுமா? எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்கள். குழந்தை பிறந்தால் அங்கிருந்து ஃபேர்-பார் கார்டு தபாலில் வரும். பெயர், தேதி, எத்தனை கிலோ, எத்தனை சென்டிமீட்டர் என்றெல்லாம் இருக்கும். படம் பெரும்பாலும் சின்னது. ஒரு கார்டில் பாதம் மட்டும்தான் இருந்தது. நீங்கள் ஏன் 4க்கு 5 என்று பிடிவாதமாக இருக்கிறீர்கள்? சிரிக்கிற படத்தை இரண்டு அங்குலத்துக்குப் போட்டால் இமை முடி இரண்டா மூன்றா என்று யார் எண்ணப் போகிறார்கள்?

நெல்லிக்குப்பம் செல்வி

அப்படிச் சொல்லுங்கள் ரோஸ் அக்கா! கார்டு வாங்குகிறவர்கள் பூதக்கண்ணாடியா வைத்திருக்கிறார்கள்? அத்தையும் பெரியம்மாவும் "யார் ஜாடை" என்றுதான் பார்ப்பார்கள்.

பழைய டார்க்ரூம்

ரோஸ் அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது. தெளிவு என்பது படத்தில் மட்டும் இல்லை, எந்த அளவில் அச்சடிக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. முதல் படத்தில் முகம் எத்தனை பிக்சல் அகலம்?

கெடிலக்கரை மாமன்

அளந்தேன். கன்னத்துக்குக் கன்னம் 1000 பிக்சல் சுமார். இமை விலகல் ஏழெட்டு பிக்சல் இருக்கும்.

பழைய டார்க்ரூம்

சரி, கணக்குப் பார்ப்போம். 4க்கு 5 இடத்தில் முகம் இரண்டரை அங்குலம் வரும் என்று வைத்துக்கொண்டால் அங்குலத்துக்கு 400 பிக்சல். எட்டு பிக்சல் விலகல் என்பது காகிதத்தில் அரை மில்லிமீட்டர். கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு இமை முடி தடித்த மாதிரி நிச்சயம் தெரியும், ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்ன என்று சொல்லத் தெரியாது. படத்தைச் சுருக்கி முகத்தை ஒரு அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் அதே விலகல் 0.2 மில்லிமீட்டர். பெரும்பாலானவர்கள் கவனிக்க மாட்டார்கள்.

ஆக, சிரிப்புதான் வேண்டும் என்றால் கார்டின் வடிவமைப்பை மாற்ற வேண்டும். பெரிய படம்தான் வேண்டும் என்றால் சிரிப்பை விட வேண்டும். இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஆனால் அதற்கு முன்னால் இரண்டாவது படத்தின் ஒரிஜினலை வாங்குங்கள். நீங்கள் பார்த்துக் கலங்கல் என்று சொன்னது வாட்ஸ்அப் பிரதியை. அதை வைத்து அந்தப் படத்தைத் தீர்மானிக்க முடியாது.

கெடிலக்கரை மாமன்

மாமாவிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். 3000க்கு 4000, ஷட்டர் 1/200, வந்துவிட்டது.

சார், இது அதே படம்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. இடது கருவிழிக்குள் எங்கள் வீட்டு ஜன்னல் தெரிகிறது, நடுவில் ஓடும் இரண்டு கம்பிகூடத் தெரிகிறது. புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை, அந்த ஒன்றிரண்டு முடி தனித்தனியாக நிற்கிறது.

ஒரு கஷ்டம். பேசின், டப்பா இரண்டும் போகிற மாதிரி வெட்டினால் மீதி 1400க்கு 1750தான் தேறுகிறது. 4க்கு 5க்குப் போதுமா?

பழைய டார்க்ரூம்

1400ஐ நான்கால் வகுத்தால் 350. அங்குலத்துக்கு 300 இருந்தால் கார்டுக்குத் தாராளம், அதைவிட அதிகமாகவே இருக்கிறது. இதே வெட்டை வாட்ஸ்அப் பிரதியில் போட்டிருந்தால் 560க்கு 700தான் மிஞ்சும், அங்குலத்துக்கு 140. நீங்கள் பார்த்த கலங்கல் அதுதான். படத்தில் குறையே இல்லை.

அச்சகத்துக்கும் பென்டிரைவிலோ மெயிலிலோ கொடுங்கள். "வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்க சார்" என்பார்கள், டாக்குமெண்டாக அல்லாமல் படமாக அனுப்பினால் இவ்வளவு நேரம் பார்த்ததெல்லாம் வீண்.

ஃபோகஸ் பாண்டி

போன் படம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பகல் வெளிச்சம்தான் காரணமா?

பழைய டார்க்ரூம்

ஆமாம். இரவில் 1/25 கொடுத்த மாதிரிப் போனே காலையில் ஜன்னல் ஓரம் 1/200 கொடுக்கிறது. அதே குழந்தை, எட்டில் ஒரு பங்கு நேரம். இன்னொன்று, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்ணில் விழுந்த ஜன்னலைப் பார்த்தாலே தெரியும். இந்தப் படத்தில் அது கருவிழியின் மேல் பாதியில் ஒரு ஓரமாக இருக்கிறது. குழந்தையின் தலைப் பக்கம் ஜன்னல் இருந்தால் இப்படி வரும். கால் பக்கம் ஜன்னல் இருந்தால் வெளிச்சம் கண்ணின் கீழ்ப் பாதியில் விழும், மூக்கின் நிழல் மேல்நோக்கிப் போகும், அழகான குழந்தையும் பயமுறுத்தும்.

கெடிலக்கரை மாமன்

இன்னொரு கேள்வி. மாமா அந்த நேரத்தில் வரிசையாகப் பல படம் தட்டியிருக்கிறார். அவற்றையும் டாக்குமெண்டாக அனுப்பினார். ஒன்றில் நெற்றிச் சுருக்கம் இல்லை, வாய் லேசாகத் திறந்து "ஓ" என்பது போல ரொம்ப அழகாக இருக்கிறது. கண்ணும் தெளிவுதான். ஆனால் வலது கண் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அம்மா பார்த்துவிட்டுப் பயந்துபோனார். இது படத்தில் உள்ள கோளாறா?

நெல்லிக்குப்பம் செல்வி

பயப்பட வேண்டாம் தம்பி. பச்சைக் குழந்தைக்கு முதல் சில மாதம் இரண்டு கண்ணும் சேர்ந்து ஓடப் பழகாது, ஒன்று அவ்வப்போது விலகும், அப்புறம் சரியாகிவிடும். என் இளையவனுக்கும் இருந்தது. நான்கு மாதத்துக்கு மேலும் விலகினாலோ, ஒரு கண் எப்போதுமே விலகியே இருந்தாலோதான் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஆனால் கார்டில் அந்தப் படம் வேண்டாம். பார்க்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அதையேதான் பேசுவார்கள், உங்கள் அக்காவுக்குச் சங்கடம்.

பழைய டார்க்ரூம்

செல்வி அம்மா சொன்னதுதான். வரிசையில் எடுத்த படங்களில் முதலில் இரண்டு கருவிழியிலும் ஜன்னல் ஒரே இடத்தில் விழுந்திருக்கிற படங்களைப் பிரித்துவையுங்கள். ஒன்றில் நடுவிலும் மற்றதில் ஓரத்திலும் விழுந்திருந்தால் கண் விலகியிருக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால் பிடிபடாத விலகல்கூட இதில் தெரிந்துவிடும். மிஞ்சுகிறவற்றில் வாயையும் நெற்றியையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முகபாவம் கடைசித் தீர்ப்பு, முதல் வடிகட்டல் கண்.

நெல்லிக்குப்பம் செல்வி

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். முகபாவம் பிடிக்காத படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஒரு அம்மா அதைக் கார்டில் போட விட மாட்டாள். முதலில் பிடித்தவற்றை எடுங்கள், அப்புறம் அதில் தெளிவானதைத் தேடுங்கள்.

பழைய டார்க்ரூம்

ஐந்தாறு படம் இருந்தால் உங்கள் வழி நடக்கும். ஐம்பது படம் இருந்தால் மனசு ஒன்றில் ஒட்டிக்கொள்ளும், அது மங்கலாக இருந்தாலும் விடாது. ஸ்டுடியோவில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மங்கலானதை வாடிக்கையாளர் கண்ணில் காட்டுவதையே நிறுத்தினேன். அவரவர் பழக்கம்.

அரியாங்குப்பம் அருள்

எங்கள் பையன் கார்டில் கண் தெளிவு, சிரிப்பு எல்லாம் சரி, நிறம் கெட்டுவிட்டது. அறைச் சுவர் பச்சை, விரித்த துண்டு சிவப்பு. ஒரு கன்னம் பச்சை, ஒரு கன்னம் சிவப்பு. போனில் தெரியவில்லை, கார்டு வந்தபோதுதான் தெரிந்தது. உங்கள் படத்தில் பேசின் நீலம் முகத்தில் அடிக்கிறதா பாருங்கள்.

கெடிலக்கரை மாமன்

பார்த்தேன் அருள், பேசின் தள்ளித்தான் இருக்கிறது, முகத்தில் படவில்லை. வரிசையில் நெற்றிச் சுருக்கம் கம்மியாக, கண் நேராக இருக்கிற ஒன்று கிடைத்தது, "ஓ" வாய் இல்லை, ஆனால் அமைதியாகப் பார்க்கிறாள். அக்காவுக்கும் பிடித்திருக்கிறது.

பின்னணிதான் பாக்கி. பேசினும் டப்பாவும் வெட்டில் போய்விட்டன. கொசுவலைக் குடையின் விளிம்பு மட்டும் தலைக்கு மேல் அரைவட்டமாக நிற்கிறது, வெட்டினால் தலையும் போகும். ரீடச் செய்து எடுத்துவிடலாமா?

பழைய டார்க்ரூம்

விளிம்பு தலையைத் தொடுகிறதா, தள்ளி நிற்கிறதா?

கெடிலக்கரை மாமன்

ஒரு இடத்தில் முடியைத் தொட்டுக்கொண்டு போகிறது. மற்ற இடத்தில் பின்னால் கோரைப்பாய்தான்.

பழைய டார்க்ரூம்

வெறும் சுவராகவோ வெள்ளைத் துணியாகவோ இருந்தால் எடுத்துவிடு என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். கோரைப்பாயில் கோடுகள் வரிசையாக ஓடும். விளிம்பை அழித்த இடத்தில் அந்தக் கோடுகளை மறுபடி ஒட்ட வேண்டும், ஒரு கோடு கோணினாலும் கண் அங்கேதான் போகும். முடியைத் தொடுகிற இடம் அதைவிடச் சிரமம், போர்ட்ரெய்ட் மோடில் பார்த்தீர்களே, அதே கதை.

என் யோசனை, அழிக்காதீர்கள், அடக்குங்கள். விளிம்பு எதனால் கண்ணை இழுக்கிறது? வெள்ளை பிளாஸ்டிக், முகத்தைவிட வெளிச்சம். அந்த வளைவை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சத்தையும் நிறத்தையும் பாயின் அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். விளிம்பு இருக்கும், ஆனால் யாரும் பார்க்க மாட்டார்கள். சுத்தமான பின்னணி என்றால் வெறுமையான பின்னணி என்று இல்லை, முகத்தோடு போட்டி போடாத பின்னணி போதும்.

வில்லியனூர் குமார்

இதற்குத்தான் முதலிலேயே வேட்டி விரிக்கச் சொன்னேன்.

முத்தியால்பேட்டை ரோஸ்

குமார் சொல்வதும் சரிதான். நாளைக் காலை பால் குடித்து ஏப்பம் விட்டபிறகு அதே ஜன்னல் ஓரம், அதே நேரம், வேட்டி விரித்து இன்னொரு தடவை எடுத்துப் பாருங்களேன். குழந்தை அழாமல் தூங்காமல் கண் விழித்துக் கிடக்கும் நேரம் அது ஒன்றுதான்.

கெடிலக்கரை மாமன்

எடுத்துப் பார்த்தோம் அக்கா. கேமராவைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைத்தான் பார்க்கிறாள். அதோடு வெள்ளை வேட்டியில் முகம் கொஞ்சம் இருண்டு விழுகிறது.

பழைய டார்க்ரூம்

வெள்ளை அதிகமாக இருந்தால் போன் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியை மேலே தள்ளினால் சரியாகும். ஆனால் கையில் நல்ல படம் இருக்கும்போது இனிமேல் குழந்தையைப் படுத்த வேண்டாம்.

கெடிலக்கரை மாமன்

கடைசியாக ஒரு பஞ்சாயத்து. விளிம்பை அடக்கிக் கொடுத்தார்கள், அருமையாக வந்திருக்கிறது. ஆனால் கன்னத்தில் பாட்டி வைத்த திருஷ்டிப் பொட்டு, கறுப்பாக, ஒரு ரூபாய் நாணயத்துக்குச் சற்றுச் சின்னது. முதலில் கண் போவது அங்கேதான். மாமா எடுத்துவிடலாம் என்கிறார், வெறும் தோல் என்பதால் ரீடச் சுலபம். பாட்டி, "ஊர் முழுக்கப் பார்க்கப் போகிற படத்தில்தான் பொட்டு முக்கியம்" என்கிறார்.

நெல்லிக்குப்பம் செல்வி

பாட்டி பக்கம்தான் நான். தொடாதீர்கள்.

ஃபோகஸ் பாண்டி

எடுத்துவிடுங்கள். கண்ணைத் தெளிவாக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டுப் பார்வையைப் பொட்டுக்கு விட்டுக்கொடுப்பதா?

முத்தியால்பேட்டை ரோஸ்

பிரான்சுக்கு அனுப்புகிற கார்டில் எடுத்துவிடுங்கள், உள்ளூர்க் கார்டில் இருக்கட்டும்.

பழைய டார்க்ரூம்

இதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். கணக்கு மட்டும் சொல்கிறேன்: பொட்டு இருந்தால் அதன் கறுப்பு கருவிழியின் கறுப்பைவிட அடர்த்தியாக அச்சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு கார்டு அடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். வழவழப்பில்லாத மேட் அட்டை என்றால் திரையில் தெரிந்ததைவிட ஒரு படி இருட்டாக வரும், முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கெடிலக்கரை மாமன்

ஒரு கார்டு அடித்து வாங்கினேன் சார், மேட் அட்டை, நீங்கள் சொன்னபடி இருட்டாகத்தான் வந்தது. கண்ணில் ஜன்னல் கம்பி காகிதத்திலும் தெரிகிறது. முகத்தை வெளிச்சமாக்கி நாளை இன்னொரு மாதிரி தருகிறார்கள். பொட்டு விஷயம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது, பாட்டி இன்று சாப்பாட்டு நேரத்தில் மாமாவோடு பேசவில்லை.